கிலோகலோரியும் கிலோஜூலும் ஒரே தாளில்

இந்தியாவில் விற்கும் பிஸ்கட் பாக்கெட்டிலும் பால் பாக்கெட்டிலும் ஆற்றல் கிலோகலோரியில் அச்சிடப்பட்டிருக்கும். அரிசி, கேழ்வரகு, காய்கறி போல லேபிள் இல்லாமல் வாங்கும் பொருளுக்குக் கணக்கு வேண்டுமென்றால் புரட்ட வேண்டிய நூல் வேறு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணைதான் அது. அந்த நூல் ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது. ஆகவே அன்றாட உணவைக் கணக்கெடுத்து ஒரு தாளில் எழுதிவைப்பவரின் முன்னால், ஒரே வேளைச் சாப்பாட்டுக்கே இரண்டு அலகுகள் வந்து நிற்கின்றன. இரண்டையும் ஓர் அலகுக்குக் கொண்டுவராமல் கூட்டினால் விடை தவறும். அந்தத் தவறு கண்ணில் படாத அளவில் இருப்பதுதான் சிக்கல்.

இரண்டும் ஒன்றையே அளக்கின்றன. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. வெப்பம் தனி, வேலை தனி என்று கருதப்பட்ட காலத்தில் பிறந்த அளவு அது. மான்செஸ்டர் பகுதியில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், 1840களில் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியால் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுபவை என்பது அதிலிருந்து நிலைபெற்றது. இரண்டுக்கும் ஒரே அலகு போதும் என்பது அதன் விளைவு. 1948இல் கூடிய எடைகள், அளவுகள் குறித்த பன்னாட்டு மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகாக ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உணவு லேபிளில் கிலோஜூலைக் கட்டாயமாக்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டும் சேர்ந்தே அச்சாகின்றன. இந்திய லேபிளில் கிலோகலோரி இன்னும் இடம் விடவில்லை.

தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம், அந்தத் தண்ணீர் ஏற்கெனவே எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்று மாறும். அதனால் கலோரிக்கு ஒரே ஒரு வரையறை என்று இல்லாமல் போயிற்று. ஊட்டச்சத்துக் கணக்கில் வழக்கமாகக் கொள்வது வெப்பவேதியியல் கலோரி. அதன்படி ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். பொறியியலில் புழங்கும் பன்னாட்டு அட்டவணைக் கலோரியின்படி அது 4.1868. கையால் போடும் கணக்குக்கு 4.2 என்று வைத்துக்கொள்வதும் உண்டு. 2000 கிலோகலோரியை இந்த மூன்றாலும் பெருக்கினால் முறையே 8368, ஏறக்குறைய 8374, 8400 கிலோஜூல் வரும். உணவுத் தாளில் இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. எதை எடுத்தாலும் தாள் முழுவதும் அதையே எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. இந்தக் கட்டுரையில் 4.184.

ஆக, லேபிளில் கிலோகலோரி மட்டும் இருந்தால் 4.184ஆல் பெருக்குவது, திரும்பக் கிலோகலோரி வேண்டுமானால் 4.184ஆல் வகுப்பது. வேலை இவ்வளவுதான் என்று தோன்றும். இரண்டு அலகும் அச்சிட்ட ஒரு வெளிநாட்டு லேபிளைக் கையில் எடுத்துச் சரிபார்த்தவுடன் சந்தேகம் தொடங்கும்.

சர்க்கரைப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 100 கிராமுக்கு 400 கிலோகலோரி, 1700 கிலோஜூல் என்று இருக்கும். 400ஐ 4.184ஆல் பெருக்கினால் 1674தான் வருகிறது. எண்ணெய்க்கு 900 கிலோகலோரி, 3700 கிலோஜூல் என்று இருக்கும். பெருக்கினால் வருவது 3766. ஒன்றில் லேபிள் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் சொல்கிறது. அச்சுப் பிழை எதுவும் இல்லை. லேபிளில் உள்ள கிலோஜூல், கிலோகலோரியைப் பெருக்கி எடுத்த எண் அல்ல என்பதே காரணம்.

லேபிளுக்காக ஒவ்வொரு பாக்கெட்டையும் எரித்துப் பார்த்து ஆற்றலை அளப்பதில்லை. உணவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் கொழுப்பு, எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கண்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் நிலைநாட்டிய வழி இது. கிலோகலோரிக்கு அந்த எண்கள் புரதம் 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய விதிகளில் கிலோஜூலுக்குத் தனி எண்கள் உள்ளன: புரதம் 17, மாவுச்சத்து 17, கொழுப்பு 37. இரண்டு தொகுதியும் முழு எண்ணாகத் திருத்தப்பட்டவை. 17ஐ 4ஆல் வகுத்தால் 4.25, 37ஐ 9ஆல் வகுத்தால் 4.11. ஆகவே மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவில் இரு எண்களின் விகிதம் 4.25ஐ நோக்கி ஏறும், எண்ணெய்ப் பசை மிகுந்த உணவில் 4.11ஐ நோக்கி இறங்கும். இரண்டும் கலந்த பண்டத்தில் அது 4.184க்குப் பக்கத்தில் தற்செயலாக வந்து நிற்கும்.

ஒரு பிஸ்கட்டை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 100 கிராமில் புரதம் 7 கிராம், கொழுப்பு 20 கிராம், மாவுச்சத்து 68 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிலோகலோரியில் 28, 180, 272, கூட்டினால் 480. கிலோஜூலில் 119, 740, 1156, கூட்டினால் 2015. நேராக 480ஐ 4.184ஆல் பெருக்கினால் 2008. வேறுபாடு 7 கிலோஜூல், அதாவது இரண்டு கிலோகலோரிக்கும் குறைவு. சுத்தமான எண்ணெயில்கூட வேறுபாடு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழேதான்.

இதிலிருந்து தாளுக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. லேபிளிலேயே கிலோஜூல் இருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். பக்கத்திலுள்ள கிலோகலோரியைப் பெருக்கிச் சரிபார்த்து "திருத்த" வேண்டியதில்லை. கிலோகலோரி மட்டும் இருந்தால் 4.184ஆல் பெருக்க வேண்டும். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவற்றிலிருந்து புதிதாகக் கணக்கிடும் மூன்றாவது வழி நுட்பமாகத் தெரிந்தாலும் அதில் ஒரு பள்ளம் உண்டு. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய லேபிள்களில் நார்ச்சத்து மாவுச்சத்துக்கு வெளியே தனியாக நிற்கிறது. அமெரிக்க லேபிளில் அது மொத்த மாவுச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நார்ச்சத்துக்கு கிராமுக்கு 8 கிலோஜூல்தான். அதை 17ஆல் பெருக்கிவிட்டால் தவிடு, ஓட்ஸ் போன்றவற்றின் கணக்கு வீங்கிவிடும். ஒன்றிரண்டு கிலோஜூலைத் துரத்திப் போய்ப் பெரிய பிழையில் விழுவது வீண் வேலை.

தாளை அமைப்பதில் முக்கியமான முடிவு ஒன்றே. லேபிளில் கண்ட எண்ணையும் அதன் அலகையும் தனித்தனிக் கட்டத்தில், கண்டபடியே எழுதிவிட்டு, மாற்றும் வேலையைச் சூத்திரத்திடம் விட்டுவிட வேண்டும். மனக்கணக்கில் மாற்றி எழுதினால், ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது அந்த எண் லேபிளில் இருந்ததா, பெருக்கி வந்ததா என்று எழுதியவருக்கே தெரியாது. ஏற்கெனவே மாற்றிய எண்ணை மறுபடியும் பெருக்கும் கோளாறு இப்படித்தான் நுழைகிறது.

முதல் நெடுவரிசையான A-இல் உணவின் பெயர், B-இல் உண்ட அளவு கிராமில், C-இல் 100 கிராமுக்கு லேபிள் சொல்லும் எண், D-இல் அந்த எண்ணின் அலகு, E-இல் விடை என்று வைத்துக்கொண்டால் E2 கட்டத்தின் சூத்திரம் இது:

```
=IF(D2="kJ",C2,IF(D2="kcal",C2*4.184,NA()))*B2/100
```

அலகு kJ என்றால் எண்ணை அப்படியே எடுக்கும். Kcal என்றால் பெருக்கும். அலகை எழுத மறந்திருந்தால் #N/A என்று காட்டும். அந்த ஒரு கட்டத்தால் நாளின் மொத்தக் கூட்டலும் #N/A ஆகிவிடும். எரிச்சலூட்டினாலும் அது வேண்டும் என்றே வைத்தது. அலகில்லாத எண் சத்தமில்லாமல் கூட்டலுக்குள் போவதைவிட இது மேல். பின்னங்களை இடையில் எங்கும் திருத்தாமல், கடைசிக் கூட்டுத்தொகையை மட்டும் முழு எண்ணாகக் காட்டினால் போதும்.

எக்செல்லில் அலகு மாற்றுவதற்கென்றே CONVERT என்ற கட்டளை இருக்கிறது. அதை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் "c" என்றால் வெப்பவேதியியல் கலோரி, "cal" என்றால் பன்னாட்டு அட்டவணைக் கலோரி, "C" என்று பெரிய எழுத்தில் போட்டாலோ அது செல்சியஸ். பெருக்கல் எண்ணை நேராக எழுதிவிடுவது எளிது. எந்தக் கலோரி என்பதும் வெளிப்படையாகத் தெரியும்.

இனி ஒரு நாளின் கணக்கில் ஒரு பகுதி. காய், பருப்பு முதலியவற்றை விட்டுவிட்டு ஆறு வரிகள் மட்டும் இங்கே. பச்சரிசி 150 கிராம், வடிப்பதற்கு முன் உலர்ந்த நிலையில் நிறுத்தது. 2017 அட்டவணையில் தீட்டிய பச்சரிசிக்கு 100 கிராமுக்கு 1491 கிலோஜூல். 150 கிராமுக்கு 2236.5. கேழ்வரகு மாவு 60 கிராம். கேழ்வரகுக்கு அட்டவணை எண் 1342, எனவே 805.2. இவை இரண்டிலும் D கட்டத்தில் kJ. முன்னே பார்த்த பிஸ்கட் 32 கிராம். லேபிளில் 480 கிலோகலோரி, விடை 642.7. நல்லெண்ணெய் 15 கிராம். லேபிளில் 900 கிலோகலோரி, விடை 564.8. பால் 300 மில்லிலிட்டர். பாக்கெட்டில் 100 மில்லிலிட்டருக்கு 58 கிலோகலோரி, விடை 728. இந்த மூன்றிலும் D கட்டத்தில் kcal. கடைசியாக இறக்குமதிச் சாக்லேட் 25 கிராம். அதில் 2230 கிலோஜூல், 534 கிலோகலோரி என்று இரண்டும் இருந்ததால் கிலோஜூலே எழுதப்பட்டது, விடை 557.5. மொத்தம் 5535 கிலோஜூல். கிலோகலோரியில் சொன்னால் 1323.

இதே ஆறு வரிகளை அலகு பார்க்காமல் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிஸ்கட் 153.6, எண்ணெய் 135, பால் 174 என்று கிலோகலோரி எண்கள் அப்படியே மற்ற மூன்றோடு சேர்ந்து 4062 என்று வந்திருக்கும். நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஆனால் 4062 என்ற எண்ணைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். "இன்று கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டோம்" என்றுதான் தோன்றும். எல்லா எண்ணும் தவறான அலகில் இருந்தால் விடை நாலு மடங்கு பெருத்தோ சிறுத்தோ காட்டிக்கொடுத்துவிடும். பாதி மட்டும் தவறாக இருக்கும்போது அது நம்பும்படியான எண்ணாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதிலும் அரிசியும் கேழ்வரகும் சரியாக இருக்க, எண்ணெயும் பிஸ்கட்டும் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், எதைக் குறைக்க வேண்டும் என்று தாளைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு அது நேர்மாறான வழியைக் காட்டும்.

4.184க்குப் பதிலாக 4.2 போட்டிருந்தால் இதே நாளில் மொத்தம் 7 கிலோஜூல்தான் கூடியிருக்கும். அது அரை கிராம் அரிசியின் ஆற்றல். சமையலறைத் தராசு அந்த அளவுக்குத் துல்லியமாக நிறுப்பதே அரிது. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று யோசிப்பதற்குப் பதில், எண்ணெயை அளக்கும் விதத்தை யோசிக்கலாம். லேபிள் 100 கிராமுக்குச் சொல்ல, கரண்டியோ 15 மில்லிலிட்டர் அளக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 0.91 கிராம்தான். 15 மில்லிலிட்டரை 15 கிராம் என்று எழுதினால் ஒரு கரண்டிக்கு 50 கிலோஜூல் கூடிவிடும்.

அலகு மாறிப்போனதைக் கண்டுபிடிக்க உணவின் இயல்பே ஒரு வரம்பு தருகிறது. கொழுப்பைவிட ஆற்றல் அடர்ந்த உணவு கிடையாது. சுத்தமான எண்ணெய்க்கே 100 கிராமுக்கு 900 கிலோகலோரிதான் என்பதால், kcal என்று குறித்த எந்த எண்ணும் 900ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் அது கிலோஜூல். அடுத்த நெடுவரிசையில் இப்படி ஒரு காவல் வைக்கலாம்:

```
=IF(AND(D2="kcal",C2>900),"அலகைப் பார்","")
```

எதிர்ப்பக்கத் தவற்றுக்கு, அதாவது கிலோகலோரி எண்ணின் பக்கத்தில் kJ என்று எழுதிவிடுவதற்கு, இவ்வளவு உறுதியான எல்லை இல்லை. பாலும் காயும் பழமும் நீர் நிறைந்தவை. அவற்றின் கிலோஜூல் எண்ணே நூறுகளில்தான் இருக்கும். ஆனால் அரிசி, மாவு, பிஸ்கட், மிக்சர் போன்ற உலர்ந்த பண்டங்கள் 1200 கிலோஜூலுக்குக் கீழே வருவது அரிது. அப்படிப்பட்ட ஒன்றின் பக்கத்தில் 350 kJ, 480 kJ என்று கண்டால் பாக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

லேபிளில் "கலோரி" என்று மட்டும் இருந்தால் ஆயிரம் மடங்குக் குழப்பம் வரக்கூடும். அமெரிக்க லேபிள்களில் பெரிய எழுத்தில் தொடங்கும் Calories என்பது கிலோகலோரியே. பேச்சு வழக்கில் "ஒரு இட்லியில் எத்தனை கலோரி" என்று கேட்பவரும் கிலோகலோரியைத்தான் சொல்கிறார். அதை உண்மையான சிறு கலோரியாக எடுத்து ஆயிரத்தால் வகுத்தால் சாப்பாடே காணாமல் போய்விடும். அந்தத் தவறு மட்டும் தானாகவே பிடிபட்டுவிடும்.

அலகு மாற்றத்தால் வராத வேறுபாடுகளை அதன் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய நூலில் ஆற்றல் கிலோகலோரியில் இருந்தது; தீட்டிய பச்சரிசிக்கு அது சொன்ன எண் 345. பெருக்கினால் 1443 கிலோஜூல் வருகிறது, புதிய அட்டவணையோ 1491 என்கிறது. பெருக்கலில் குறை இல்லை. புதிய நூலுக்காக வேறு மாதிரிகளைத் திரட்டி, புதிதாகப் பகுப்பாய்வு செய்தார்கள், எண் மாறிவிட்டது. 1491ஐத் திரும்ப வகுத்தால் 356 கிலோகலோரி. தாளில் பழைய நூலின் எண்ணும் புதிய நூலின் எண்ணும் கலந்து கிடந்தால், அவற்றை எந்தப் பெருக்கலாலும் ஒட்டவைக்க முடியாது. ஒரு நூலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அரிசிக்கான இந்த எண்கள் சமைக்காத அரிசிக்கு உரியவை என்பதும் மறக்கக்கூடாதது. வடித்த சோற்றை நிறுத்து 1491ஆல் பெருக்கினால், அது உறிஞ்சிய தண்ணீருக்கும் சேர்த்து ஆற்றல் கணக்காகிவிடும்.

லேபிளின் ஓரத்தில் உள்ள சதவீதத்தையும் நாடு மாறினால் ஒப்பிட முடியாது. இந்திய லேபிளில் அது 2000 கிலோகலோரியை அடிப்படையாகக் கொண்டது, அதாவது 8368 கிலோஜூல். ஐரோப்பா அதே 2000ஐ 8400 கிலோஜூல் என்று திருத்தி வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலிய லேபிளின் அடிப்படை 8700 கிலோஜூல். அது 2000 கிலோகலோரியின் மாற்று வடிவம் அல்ல, வகுத்தால் 2079 வரும். மேலே கண்ட 5535 கிலோஜூல் இந்திய அடிப்படையில் 66 சதவீதம், ஆஸ்திரேலிய அடிப்படையில் 64. சதவீதம் வேண்டுமென்றால் லேபிளிலிருந்து எடுக்காமல், ஒரே வகுஎண்ணை வைத்துத் தாளின் கடைசி வரியில் ஒரு முறை கணக்கிட்டுக்கொள்ளலாம்.